எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீர்க் கணக்கும்: கையால் தேய்ப்பதா, டிஷ்வாஷரா?

டிஷ்வாஷர் அட்டைப்பெட்டியில் 9 லிட்டர், 10 லிட்டர் என்று ஒரு எண் பெரிதாக அச்சிட்டிருக்கும். குழாயடியில் ஒரு வேளைப் பாத்திரம் தேய்க்கவே அதற்கு மேல் போகிறதே என்று பார்ப்பவர்கள் உடனே மனத்துக்குள் கழித்துப் பார்ப்பார்கள். எண் பொய்யில்லை. ஆனால் அது எந்தப் பாத்திரத்துக்கு, எந்த அழுக்குக்கு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கழித்துப் பார்க்க வேண்டும்.

அந்த எண் ஐரோப்பியச் சோதனை முறையிலிருந்து வருகிறது. அங்கே தட்டுகளில் பூசிக் காயவைப்பது பசலைக்கீரை, ஓட்ஸ், முட்டை, பால், தேநீர், கொத்திறைச்சி, மார்கரின். இயந்திரத்துக்குள் போகும் தண்ணீர் 15 டிகிரி. பாத்திரங்களில் பெரும்பாலானவை தட்டை வடிவம். மிளகாய்த்தூளும் மஞ்சளும் நல்லெண்ணெயும் தேங்காய் விழுதும் சேர்ந்து சுண்டிய குழம்புச் சட்டி அந்தச் சோதனையில் கிடையாது.

கையால் கழுவுவதற்கான எண்ணிலும் இதே சிக்கல்தான். ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தின் ரைனர் ஸ்டாமிங்கர் குழு நடத்திய ஆய்வு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் சராசரியாக 100 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரும் 2.5 யூனிட் அளவு ஆற்றலும் செலவானது என்பது அதன் முடிவு. அந்த 2.5 யூனிட் முழுக்க வெந்நீருக்கானது. சென்னையிலோ மதுரையிலோ யாரும் பாத்திரம் தேய்க்க கீசர் போடுவதில்லை. ஆகவே ஐரோப்பாவில் இயந்திரம் தண்ணீர், மின்சாரம் இரண்டிலும் வெல்கிறது என்றால், நம் ஊரில் மின்சாரத்தில் அது எப்போதும் தோற்கும். தண்ணீரில் வெல்கிறதா, வென்றால் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அழுக்கு. நம் பாத்திரத்தில் ஒட்டுவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். முதலாவது, உதிரியாக மிதக்கும் எண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் நம் குழாய்த் தண்ணீரின் வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். நெய்க்கு 30 டிகிரியைத் தாண்ட வேண்டும், வனஸ்பதிக்கு 40 டிகிரியை ஒட்டி வர வேண்டும். அதனால்தான் வெண்பொங்கல் பாத்திரமும் வனஸ்பதி சேர்த்த குருமாப் பாத்திரமும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டும் வழவழவென்றே நிற்கின்றன.

இரண்டாவது, மாவுச்சத்தோடு சேர்ந்து காய்ந்த மசாலா. வெங்காயமும் தேங்காயும் அரைத்துவிட்ட குழம்பு, பருப்பு, இட்லி மாவு எல்லாம் இந்த வகை. ஈரமாக இருக்கும்போது விரல் பட்டாலே வந்துவிடும். இரண்டு மணி நேரம் காய்ந்துவிட்டால் ஊறினால்தான் வரும். மூன்றாவது, வாணலியின் விளிம்பிலும் தாளிப்புக் கரண்டியிலும் பழுப்பாகப் படிந்திருக்கும் பிசின் போன்ற படலம். அது இப்போது எண்ணெயே இல்லை. சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான பொருளாகிவிட்டது. 70 டிகிரி வெந்நீரும் இயந்திரப் பொடியும் அதை அசைக்காது, கம்பி நாரால் தேய்க்க வேண்டும். இந்தப் படலம் போகவில்லை என்று இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

மஞ்சள் தனிக் கதை. அதன் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். காரம் பட்டால் செம்பழுப்பாக மாறும். இயந்திரப் பொடி காரத்தன்மை உள்ளது என்பதால், கழுவிய பிளாஸ்டிக் டப்பா முன்பைவிடச் சிவந்து வருவது உண்டு. துரு என்று பயப்பட வேண்டாம். எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போன மஞ்சள் அது. ஒரு பகல் நல்ல வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும்.

இனி குழாய். தண்ணீர்க் கணக்கில் இதுதான் பெரிய எண், இதைத்தான் யாரும் அளப்பதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயடியில் பிடித்து, வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 7 விநாடி என்றால் நிமிடத்துக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் சாதாரணச் சமையலறைக் குழாய் பெரும்பாலும் 6 முதல் 10 லிட்டர் வரை கொட்டும். குழாய் முனையில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மாட்டினால் அது பாதியாகும். மேல் மாடியில், தொட்டிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வீடுகளில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு என்பதால் அங்கே ஏரேட்டரால் பெரிய பலன் இருக்காது. அலசும் நேரம் நீண்டு மிச்சம் கரைந்துவிடும்.

நால்வர் உள்ள ஒரு வீட்டின் ஒருநாள் பத்துப்பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் இட்லி, சாம்பார், சட்னி. மதியம் சோறு, வத்தக்குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். இரவு தோசை. தட்டு, தம்ளர், கிண்ணம், கரண்டி எல்லாமாக முப்பது உருப்படி. அதோடு சாம்பார்ப் பாத்திரம், குழம்புச் சட்டி, ஈயச் சொம்பு, வாணலி, குக்கரும் அதன் உள்பாத்திரங்களும், இட்லித் தட்டுகள், மாவுப் பாத்திரம், பால் பாத்திரம், மிக்ஸி ஜார் இரண்டு என்று இன்னொரு இருபது.

குழாயைத் திறந்துவிட்டே தேய்ப்பவர் நாள் முழுவதிலும் சேர்த்து 15 நிமிடம் குழாயை ஓடவிடுகிறார் என்று வைத்தால் 120 லிட்டர். அதே ஆள் சோப்புப் போடும்போது குழாயை மூடி, எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கிய பிறகு அலசினால் குழாய் திறந்திருக்கும் நேரம் 7 நிமிடமாகும், 56 லிட்டர். இரண்டு டப்பில் முக்கி அலசும் முறைக்குச் சுமார் 25 லிட்டர் போதும். அதன் விவரம் பிறகு வருகிறது. மூன்றிலும் மின்சாரம் ஏறக்குறைய பூஜ்யம்.

இதே பாத்திரங்கள் இயந்திரத்துக்குப் போனால் என்ன ஆகும்? எல்லாம் போகாது. அலுமினியக் குக்கர் காரப் பொடியில் கறுத்துவிடும். ஈயச் சொம்பு, பித்தளை, இரும்பு வாணலி, மண்சட்டி, மரக்கரண்டி, நான்ஸ்டிக் எதையும் வைக்கக் கூடாது. மிக்ஸி ஜாரை வைத்தால் பிளேடுக்கு அடியிலுள்ள ரப்பர் வளையமும் புஷ்ஷும் கெடும். ஆக எட்டுப் பத்துப் பாத்திரங்கள் எப்படியும் கைக்கே வரும், அவற்றுக்கு 12 லிட்டர். மீதியை 70 டிகிரி தீவிர முறையில் ஓட்டினால் சுமார் 15 லிட்டரும் 1.3 யூனிட்டும் ஆகும். இந்தியாவில் விற்கும் சில இயந்திரங்களில் இந்த முறைக்கே 'கடாய்' என்று பெயர். மொத்தம் 27 லிட்டர்.

திறந்த குழாயோடு ஒப்பிட்டால் 93 லிட்டர் மிச்சம். செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் 70 லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது. குழாயை மூடித் தேய்ப்பவரோடு ஒப்பிட்டால் 29 லிட்டர்தான் மிச்சம், யூனிட்டுக்கு 22 லிட்டர். இரண்டு டப்பில் அலசுபவரோடு ஒப்பிட்டால் மிச்சமே இல்லை, 1.3 யூனிட் கூடுதல் செலவு மட்டும்தான். ஆகவே டிஷ்வாஷர் தண்ணீரை மிச்சப்படுத்துமா என்ற கேள்விக்குப் பதில், அதற்கு முன் அந்த வீட்டில் யார் எப்படிக் கழுவிக்கொண்டிருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. குழம்புப் பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்க மனம் வராமல் ஒவ்வொன்றையும் குழாயில் காட்டிவிட்டு வைப்பது. ஒரு பாத்திரத்துக்குப் பத்தே விநாடிதான். முப்பது பாத்திரத்துக்கு ஐந்து நிமிடம், 40 லிட்டர். மொத்தம் 67 லிட்டராகி, குழாயை மூடிக் கையால் தேய்ப்பதைவிட அதிகம் ஆகிவிடும். எண்ணெயும் மசாலாவும் உள்ள சமையலில் இந்தப் பழக்கம் மிக எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

அலசுவதற்குப் பதில் வழித்துப் போடுங்கள். சிலிக்கான் கரண்டியால் குழம்பு விழுதை வழித்து எடுத்துவிட்டு, வாணலியில் நிற்கும் எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் ஒரு சுற்றுத் துடைத்துக் குப்பையில் போட வேண்டும். கறிவேப்பிலை, வற்றல் மிளகாய்த் துண்டு, புளிச்சக்கை, முருங்கைச் சக்கை கண்டிப்பாக வெளியே போக வேண்டும். விழுது லேசாக ஒட்டியிருந்தால் பரவாயில்லை. பொடியிலுள்ள நொதிகளுக்கு மாவுச்சத்தும் புரதமும்தான் வேலை. தட்டைப் பளபளவென்று கழுவி வைத்தால் அவை சும்மா வடிகாலுக்குப் போகும்.

தானியங்கி முறையில் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முறையில் ஒரு உணரி தண்ணீரின் கலங்கலைப் பார்க்கும். தெளிவாக இருந்தால் அதே தண்ணீரை அடுத்த கட்டத்துக்கும் வைத்துக்கொள்ளும். மஞ்சளும் மிளகாயும் கலந்த தண்ணீர் ஒளியை நன்றாக மறைப்பதால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கும். பெட்டியில் 7 லிட்டரிலிருந்து என்று போட்டிருக்கும் முறை நம் பாத்திரத்துக்கு 14, 15 என்று போவது இதனால்தான். வழித்துத் துடைத்து வைத்தால் ஒரு பிடிப்பு மிச்சமாகும்.

உங்கள் இயந்திரம் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது கடினமில்லை. கழிவுநீர்க் குழாயைச் சிங்க் இணைப்பிலிருந்து கழற்றி, அதே உயரத்தில் ஒரு வாளிக்குள் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறை வெளியேற்றுவதையும் அளக்கலாம். ஒரு தடவைக்கு 3 முதல் 4 லிட்டர், நான்கைந்து தடவை வரும். தரையில் வைத்த வாளிக்குள் குழாயை விட்டால் தண்ணீர் தானாக உறிஞ்சி வெளியேறி இயந்திரம் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே வாளியை மேடை மட்டத்தில் வைக்க வேண்டும். முதல் வாளியையும் கடைசி வாளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய புரியும். முதலாவது ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்க் கண்களோடு இருக்கும். கடைசி வாளி குடிதண்ணீர் போல் தெளிவாக இருக்க வேண்டும். அதிலும் எண்ணெய்க் கண் மிதந்தால் பொடி போதவில்லை, அல்லது பாத்திரம் நெருக்கியடித்துவிட்டது.

மின்சாரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். மோட்டாருக்குப் போவது சொற்பம். ஒரு முறை ஓட 0.1 முதல் 0.2 யூனிட்தான். மீதி முழுவதும் சூட்டுக்கு. 4 லிட்டர் தண்ணீரை 29 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்ற 0.19 யூனிட் வேண்டும். ஆனால் தண்ணீர் மட்டும் சூடாவதில்லை. உள்ளே இருக்கும் 15 கிலோ எவர்சில்வரும் கூடவே சூடாக வேண்டும், அதற்கு 0.09. இயந்திரத்தின் எஃகு உட்கூடும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இதற்குப் பிறகு நடுவில் பச்சைத் தண்ணீரில் அலசும்போது இந்தச் சூடெல்லாம் வடிகாலுக்குப் போய்விடும். கடைசி அலசலுக்கு மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். முன்கழுவலும் வெதுவெதுப்பாக நடந்தால் அதுவும் சேரும். இப்படித்தான் ஒரு யூனிட்டைத் தாண்டுகிறது. கனமான அடிப்பாத்திரங்களைக் கையால் தேய்த்துவிட்டுத் தட்டு, தம்ளர், கிண்ணங்களை மட்டும் 50 டிகிரி சிக்கன முறையில் விட்டால் செலவு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். நம் தண்ணீர் ஐரோப்பியச் சோதனைத் தண்ணீரைவிட 14 டிகிரி கூடுதல் சூட்டில் உள்ளே வருவதால், பெட்டியில் போட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஆகும்.

கையால் தேய்க்கும்போது பச்சைத் தண்ணீரிலேயே போகும் எண்ணெய்க்கு இயந்திரத்தில் ஏன் 70 டிகிரி? ஹென்கெல் நிறுவன வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்த ஒரு கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. எதைச் சுத்தம் செய்யவும் சூடு, சோப்பு, உரசல், நேரம் என்று நான்கு வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவை கூட வேண்டும். இயந்திரத்தில் நாரும் விரலும் இல்லை, தண்ணீர் பீய்ச்சுவது மட்டும்தான். உரசல் குறைந்த இடத்தைச் சூடும் காரமான பொடியும் இரண்டு மணி நேரமும் ஈடுகட்டுகின்றன.

தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இதற்கு ஒரு விளைவு உண்டு. தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 78 யூனிட். ஏற்கெனவே 440, 450 யூனிட் ஓடும் வீடு இதனால் 500-ஐத் தாண்டும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மேல்படி விலை என்பதோடு நிற்காது, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். 350-இல் இருக்கும் வீட்டுக்கு இந்த அடி விழாது. தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டார் மிச்சமாகுமே என்று கேட்கலாம். 200 அடி ஆழ்துளையிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற ஆயிரம் லிட்டருக்கு முக்கால் யூனிட் என்று தாராளமாகப் போட்டாலும் 93 லிட்டருக்கு 0.07 யூனிட்தான் வருகிறது. இயந்திரம் தின்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கோடையில் 12,000 லிட்டர் லாரி வாங்கும் அடுக்ககத்தில் தண்ணீரின் விலையே வேறு. அங்கே நாளைக்கு 90 லிட்டர் மிச்சம் என்பது ஒரு வீட்டுக்கு மாதம் 2,700 லிட்டர்.

டொரண்டோவிலோ லண்டனிலோ இதே வத்தக்குழம்பை வைப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். குளிர்காலத்தில் 10 டிகிரியில் வரும் தண்ணீரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், வெந்நீர் இல்லாமல் முடியாது. 50 லிட்டரை 40 டிகிரிக்கு ஏற்றவே 1.7 யூனிட் அளவு ஆற்றல் தேவை. அங்கே நிரம்ப அடுக்கி ஓட்டும் இயந்திரம் இரண்டிலும் மேல்.

எண்ணெய் மிகுந்த பாத்திரத்துக்கு இயந்திரத்தை ஓட்டும்போது ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கதவின் உட்புறத்தில் தூவிவிடுவது நல்லது. மூடியுள்ள அறையில் போடும் பொடி முதன்மைக் கழுவலில்தான் திறக்கும். முன்கழுவலுக்குப் பொடியே இல்லையென்றால் எண்ணெய் உடையாமல் சுற்றிச்சுற்றி வந்து பிளாஸ்டிக்கிலும் கதவின் அடி விளிம்பிலும் ஒட்டும். கதவைத் திறந்து அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பும் ஆரஞ்சுச் சாயலும் இருந்தால் இதுதான் காரணம்.

வடிகட்டியை எண்ணெய்ச் சமையல் வீட்டில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது முழுக்கத் திருகிப் பூட்டாவிட்டால் கடுகும் மிளகாய் விதையும் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பீய்ச்சும் கையின் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும். மேல் தட்டுத் தம்ளர்களில் நறநறவென்று மணல் மாதிரி இருந்தால் அந்தக் கையைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே கடுகு உருளும் சத்தம் கேட்கும். குச்சியால் துளையைக் குத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் சரியாகும். இதைக் கவனிக்காமல் சுத்தமாகவில்லை என்று மறுமுறை ஓட்டினால், அன்றைக்கு மொத்தம் 42 லிட்டர், 2.6 யூனிட்.

போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில் உப்புக் கணக்கும் சேரும். கடினநீரை மென்மையாக்கும் பிசின் இயந்திரத்துக்குள் இருக்கிறது. அதைச் சமையல் உப்பின் கரடான, அயோடின் சேராத வகையால் அவ்வப்போது புதுப்பிக்கும்போது கூடுதலாகச் சில லிட்டர் போகும். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால் இயந்திரங்கள் பயன்படுத்தும் ஜெர்மன் கடினத்தன்மை அளவில் ஏறக்குறைய 17 டிகிரி, அதற்கேற்ப இயந்திரத்தின் அமைப்பை மாற்ற வேண்டும். லிட்டருக்கு 900 மில்லிகிராமை நெருங்கினால் பல இயந்திரங்களின் வரம்பே முடிந்துவிடும். வெள்ளைப் படிவு படியும், பொடியின் பாதி பலம் சுண்ணாம்போடு போராடியே தீரும், எண்ணெய் பாக்கி நிற்கும். அந்த மாதிரித் தண்ணீருக்கு டிஷ்வாஷர் சரியான முதலீடு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி இரண்டு டப் முறை. இதில் வரிசைதான் முக்கியம். சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரங்களை வழித்து, எண்ணெயைத் துடைத்து, குழம்புச் சட்டியில் அரிசி களைந்த தண்ணீரை ஒரு தம்ளர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். ஊறுவதற்கு அந்த ஒரு தம்ளரின் ஈரமே போதும். சட்டி நிறையத் தண்ணீர் பிடிப்பது 3 லிட்டர் வீண். முதலில் தம்ளர், பிறகு தட்டு, கிண்ணம், கடைசியில் எண்ணெய்ப் பாத்திரம் என்று சோப்புப் போட்டு அடுக்க வேண்டும். முதல் டப்பில் 6 லிட்டர், இரண்டாவதில் 6 லிட்டர். முதலாவதில் முக்கிச் சோப்பை இறக்கி, இரண்டாவதில் முக்கி எடுத்துக் கவிழ்க்க வேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு வரும்போது முதல் டப்பின் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை முதலாவதாக்கி, புதிதாக 6 லிட்டர் பிடிக்க வேண்டும். வாணலிக்கும் மிக்ஸி ஜாருக்கும் கடைசியில் குழாயில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. மொத்தம் 25 லிட்டருக்குள். டப்பில் எண்ணெய்க் கண் மிதக்கத் தொடங்கினால் அதுதான் தண்ணீரை மாற்ற வேண்டிய அடையாளம். மாற்றாமல் தொடர்ந்தால் கழுவிய தட்டிலேயே பிசுக்கு ஏறும். நெய்யும் வனஸ்பதியும் உள்ள நாளில் ஒரு சொம்பு வெந்நீரை முதல் டப்பில் கலந்தால் போதும்.

இரண்டாவது டப்பின் தண்ணீரில் சோப்பு மிகக் குறைவு. அதை வாழைக்கும் கல்வாழைக்கும் தாராளமாக ஊற்றலாம். இயந்திரத்தின் கழிவுநீரில் காரப் பொடியும், பிசினைப் புதுப்பிக்கும் வேளையில் உப்பும் கலந்திருப்பதால் அதைச் செடிக்கு விடக் கூடாது. தோட்டம் உள்ள வீட்டில் கைக்கணக்கின் 25 லிட்டரில் ஆறேழு லிட்டர் இப்படித் திரும்பி வரும்.